தவறு அம்மாவுடையது, கோபம் மட்டும் தம்பி மேல்: இது சரிதானா?

மூத்தவள் · பிப்ரவரி 3, இரவு 11.20

எனக்கு 52 வயது, தம்பிக்கு 47. அவனோடு பேசி 11 மாதங்கள் ஆகின்றன.

14 மாதங்களுக்கு முன் அம்மா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவருக்கு 79 வயது, அப்பா இல்லை. அன்று முதல் அம்மாவை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசுவான். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு அம்மாவின் முகத்தில் வரும் ஒளியை, நான் குளிப்பாட்டித் தலை வாரி உட்காரவைத்த எந்த நாளிலும் நான் கண்டதில்லை. விழுந்த மூன்றாம் மாதம், தன் சார்பில் கையெழுத்திடும் உரிமையை அம்மா அவனுக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கு அது தெரியவந்ததே வேறொருவர் சொல்லித்தான். அன்றோடு அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

சிறு வயதிலிருந்தே அம்மாவுக்கு அவன்தான். இது எங்கள் உறவினர் அனைவரும் அறிந்த செய்தி. ஆகவே என் கேள்வி ஒன்றுதான். ஓரவஞ்சனை செய்தவர் அம்மா. ஆனால் நான் தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பது அம்மாவுக்கு, தண்டிப்பது தம்பியை. இதில் நியாயம் இருக்கிறதா?

ஏழாம்எண் · பிப்ரவரி 4, காலை 6.45

இதெல்லாம் பிறந்த வரிசை செய்யும் வேலை. மூத்த பிள்ளைக்குப் பொறுப்பு, கடைசிப் பிள்ளைக்குச் செல்லம், நடுப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை. எந்த வீட்டில் போய்ப் பார்த்தாலும் இதே கதைதான். உங்கள் தாயார் தனியாகத் திட்டமிட்டு எதையும் செய்யவில்லை. இயற்கை விதியைப் போல எடுத்துக்கொண்டு தம்பியோடு பேசிவிடுங்கள்.

இரு பிள்ளைகளின் தந்தை · பிப்ரவரி 4, காலை 9.10

கையெழுத்து உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால் சொத்து பறிபோய்விட்டது என்று பொருள். முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். பாசப் பேச்செல்லாம் பிறகு.

மூத்தவள் · பிப்ரவரி 4, காலை 9.40

ஐயா, நான் சொத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மா மனத்தெளிவோடு இருக்கும் எந்த நாளிலும் அந்த உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அவன் அதை வைத்து இதுவரை செய்ததெல்லாம் இரண்டு கட்டணங்களைக் கட்டியது மட்டும்தான். என்னைச் சுட்டது அந்தத் தாள் அல்ல, அதை என்னிடம் மறைத்தது.

எழுதுகோல் · பிப்ரவரி 4, இரவு 8.30

22 ஆண்டுகள் குடும்ப ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏழாம்எண் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2025இல் வெளிவந்தது. இளைய பிள்ளைகள் பக்கம் பெற்றோருக்குச் சிறிய சாய்வு இருப்பதும், மூத்த பிள்ளைகளுக்குக் கூடுதல் சுதந்திரம் தரப்படுவதும் அதில் தெரிகின்றன. ஆனால் அதே பகுப்பாய்வில், பொறுப்போடும் இணக்கமான சுபாவத்தோடும் இருக்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் நல்லவிதமாக நடந்துகொள்வதும், பெண் பிள்ளைகள் பக்கம் ஓரளவு சாய்வதும் தெரிகின்றன. ஆகவே வரிசையை மட்டும் வைத்து ஒரு வீட்டைப் படித்துவிட முடியாது.

மூத்தவளே, உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் ஒரு வேலை தருகிறேன். தம்பியைப் பற்றி மனத்தில் இருக்கும் ஒவ்வொரு குறையையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு செய்திகளைக் குறியுங்கள். அந்தச் செயலைச் செய்தவர் யார் என்பது ஒன்று, அப்போது தம்பிக்கு என்ன வயது என்பது மற்றொன்று. என்னிடம் வந்தவர்களில் பலருக்கு இரண்டாவது செய்திதான் முதலாவதைவிட அதிகம் உதவியது.

மூத்தவள் · பிப்ரவரி 4, இரவு 8.50

பெண் பிள்ளைகள் பக்கம் சாய்வு என்ற செய்தி எங்கள் வீட்டு வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்க வேண்டும்.

பொன்குஞ்சு · பிப்ரவரி 5, பிற்பகல் 2.15

நான் மறுபக்கத்து ஆள். எங்கள் வீட்டின் செல்லப்பிள்ளை நான்தான், அதை மறுக்கமாட்டேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். ஆனால் கூட்டில் மூன்று குஞ்சுகள் இருக்கும்போது காக்கை ஒன்றை மட்டும் பொன் என்று சொன்னால் மற்ற இரண்டும் அந்தக் குஞ்சைத்தானே கொத்தும்? என் அண்ணன்மார் இருவரும் என்னை முப்பது ஆண்டுகளாகக் கொத்திக்கொண்டிருக்கிறார்கள்.

செல்லமாக இருப்பது ஒரு வேலை, மூத்தவளே. அம்மா சோர்ந்திருந்தால் என்னைத்தான் அழைப்பார். அவருடைய மனக்குறைகள் எல்லாம் என் காதில்தான் கொட்டப்படும். நான் ஏமாற்றம் தந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், என் மணவாழ்க்கை முறிந்ததை ஒரு வருடம் அவரிடம் மறைத்தேன். அண்ணன்களிடமும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் அதைக் கேட்டு மகிழ்வார்கள் என்று நினைத்தேன். மகிழ்ந்திருப்பார்களா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

மூத்தவள் · பிப்ரவரி 7, இரவு 12.30

எழுதிவிட்டேன். 17 வரிகள் வந்தன.

செய்தவர் யார் என்ற பத்தியில் 13 இடங்களில் "அம்மா" என்றும், ஓர் இடத்தில் "அப்பா" என்றும் எழுத வேண்டியிருந்தது. தம்பியின் பெயர் மூன்று இடங்களில் மட்டுமே வந்தது. அந்த 17இல் பத்து நிகழ்ந்தபோது அவனுக்கு 18 வயது ஆகவில்லை. நான்காம் வரி, அவனுக்கு மட்டும் தனி அறை கொடுத்தது. அப்போது அவனுக்கு 6 வயது. ஒன்பதாம் வரி, நான் மேலே படிக்க விரும்பியபோது "அந்தச் சேமிப்பு தம்பியின் படிப்புக்கு வேண்டும்" என்று என்னை நிறுத்தியது. அப்போது அவனுக்கு 14 வயது.

தம்பியின் பெயர் வந்த மூன்று வரிகள் இவை. கொடுத்ததையெல்லாம் ஒரு முறையும் வேண்டாம் என்று சொல்லாதது. அம்மா விழுந்த வாரத்தில் "நீதான் பக்கத்தில் இருக்கிறாயே" என்று தொலைபேசியில் சொன்னது. கையெழுத்து உரிமையை என்னிடம் சொல்லாமல் வாங்கிக்கொண்டது.

தாளைப் பார்த்தபோது நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வெட்கம். அதற்குப் பின்னாலேயே, அறையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் மேல் அடக்க முடியாத கோபமும் வந்தது. எழுதுகோல் ஐயா இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

எழுதுகோல் · பிப்ரவரி 7, காலை 7.00

சொல்லியிருக்க வேண்டும், பிழை என்னுடையதுதான். கோபத்தைத் தம்பியிடமிருந்து பிரித்தெடுத்தால் அது உரிய முகவரிக்குப் போய்ச் சேரும். அந்த முகவரியில் இருப்பவருக்கு 79 வயது, நடக்க முடியாதவர், உங்கள் கையால் மருந்து உண்பவர். அவரைத் திட்ட முடியாது என்பதால்தான் இத்தனை காலமும் அது தம்பியிடம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வேண்டுகோள். இப்போதைக்கு அம்மாவிடம் போய் "நீ ஓரவஞ்சனை செய்தாய், ஒப்புக்கொள்" என்று கேட்காதீர்கள். நான் பார்த்தவரை அந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள்தான் வரும். எல்லோரும் எனக்கு ஒன்றுதான் என்பார்கள், நீ எப்போதுமே பொறாமைக்காரி என்பார்கள், அல்லது அழுவார்கள். மூன்றில் எதுவுமே உங்களுக்கு உதவாது. மூன்றாவது வந்தால் அடுத்த ஒரு வாரம் சமாதானப்படுத்த வேண்டியவரும் நீங்கள்தான்.

மூத்தவள் · பிப்ரவரி 7, காலை 7.25

தாமதமாகிவிட்டது. நேற்று மாலையே கேட்டுவிட்டேன். முதல் பதிலும் மூன்றாம் பதிலும் சேர்ந்தே வந்தன. "ஐந்து விரலில் எதை வெட்டினாலும் வலிக்காதா" என்றார். வலிக்கும்தான், ஆனால் மோதிரம் ஒரு விரலுக்குத்தானே போட்டீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதற்குள் அழத் தொடங்கிவிட்டார்.

இரு பிள்ளைகளின் தந்தை · பிப்ரவரி 8, இரவு 9.50

முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னியுங்கள். இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. மகனுக்கு எழுதப் படிக்கச் சிரமம் இருப்பதால் தினமும் மாலையில் ஒன்றரை மணி நேரம் அவனோடு உட்காருகிறேன். மகளோடு அப்படி உட்காருவதில்லை, அவளுக்குத் தேவையும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து அவளும் இப்படி 17 வரிகள் எழுதுவாளா?

எழுதுகோல் · பிப்ரவரி 9, காலை 6.30

அவள் என்ன எழுதுவாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரியும். வேறுபாடு இருப்பதைப் பல பிள்ளைகள் கவனிக்கிறார்கள், அதற்கு நியாயமான காரணம் இருப்பதாகத் தோன்றினால் அது அவர்களை அவ்வளவாகக் காயப்படுத்துவதில்லை. காரணத்தை அவளிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? பெரியவர்கள் காரணம் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுவார்கள். குழந்தைக்குத் தெரிவது ஒன்றரை மணி நேரம் மட்டுமே.

மூத்தவள் · பிப்ரவரி 12, மாலை 5.15

நான்காம் வரியைத் திருத்த வேண்டியிருக்கிறது, அதனால் திரும்ப வந்தேன்.

சித்தியிடம் பேசும்போது அந்தத் தனி அறையைப் பற்றிக் கேட்டேன். "அவனுக்கு இரவில் மூச்சுத்திணறல் வருமே, நீ விழித்துக்கொண்டு மறுநாள் பள்ளியில் தூங்கி வழிந்தாய் என்றுதானே பிரித்துப் படுக்கவைத்தார்கள்" என்றார். மூச்சுத்திணறல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறையும் நினைவிருக்கிறது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தவை என்பது 41 ஆண்டுகளாக எனக்குத் தோன்றவே இல்லை. எழுதுகோல் ஐயா அந்தத் தந்தைக்கு எழுதியதைப் படித்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

இதனால் எல்லாம் பொய் என்று ஆகிவிடாது. ஒன்பதாம் வரியைப் பற்றியும் சித்தியிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது தப்புதான்" என்றார். அந்த இரண்டு சொற்களை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்று 33 ஆண்டுகள் காத்திருந்திருக்கிறேன் என்பது, அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஏழாம்எண் · பிப்ரவரி 12, இரவு 8.00

பார்த்தீர்களா, பாதி உங்கள் கற்பனைதான். நான் அன்றே சொன்னேன்.

மூத்தவள் · பிப்ரவரி 12, இரவு 8.05

17இல் ஒன்று. பாதி என்பதற்கு உங்கள் ஊர்க் கணக்கில் வேறு பொருள் இருக்கும் போலும்.

மூத்தவள் · பிப்ரவரி 16, இரவு 1.10

ஒரு மடத்தனம் செய்துவிட்டேன். அந்த 17 வரிகளையும் அப்படியே தம்பிக்கு அனுப்பிவிட்டேன். நான்காம் வரியை அடிக்கக்கூட இல்லை.

எழுதுகோல் · பிப்ரவரி 16, காலை 6.20

வயதுப் பத்தியோடு அனுப்பினீர்களா, அது இல்லாமலா?

மூத்தவள் · பிப்ரவரி 16, காலை 6.40

அதோடுதான்.

எழுதுகோல் · பிப்ரவரி 16, காலை 6.45

அப்படியானால் முழு நாசம் இல்லை.

மூத்தவள் · பிப்ரவரி 19, இரவு 10.30

பதில் வந்தது, மூன்றே வாக்கியங்களில். "இதில் பத்து நடந்தபோது நான் சிறுவன் என்று நீயே எழுதியிருக்கிறாய். கையெழுத்து விஷயத்தில் நான் செய்தது தவறு. மற்றதை எழுத வேண்டாம், பேசலாம்."

நேற்று 50 நிமிடங்கள் பேசினோம். அவன் சொன்னதில் ஒரு பகுதியை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் என்னால் அதை இன்னும் நம்ப முடியவில்லை. அவனுடைய நினைவில் அம்மாவுக்கு வேண்டியவள் நான்தானாம். "வீட்டில் எதைப் பற்றிப் பேசினாலும் அக்காவைக் கேட்டாயா, அக்கா என்ன சொன்னாள் என்பார். அப்பாவுக்கு உடல்நிலை மோசமானதை உன்னிடம் மூன்று மாதங்களுக்கு முன்பே சொன்னார், எனக்கு இறுதி வாரத்தில்தான் தெரியும். என்னைக் கொஞ்சினார், உன்னை மதித்தார்" என்றான். அப்பாவின் செய்தியை அம்மா என்னிடம் முன்பே சொன்னது உண்மை. அதை நான் பாரம் என்று வைத்திருந்தேன். அவன் அதையே பரிசு என்று வைத்திருக்கிறான்.

கையெழுத்தைப் பற்றியும் கேட்டேன். "அக்காவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று அம்மா சொன்னார், சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்" என்றான். பிறகு அவனே, "நினைத்தேன் என்பது முழு உண்மை இல்லை, நீ கோபப்படுவாய் என்று தெரிந்துதான் அம்மாவிடம் விட்டேன்" என்றான்.

எழுதுகோல் · பிப்ரவரி 20, காலை 7.10

அவன் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. அமெரிக்காவில் முதிய தாய்மாரையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளையும் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்த ஒரு குழு இருக்கிறது. தாய்மாரிடம் தனியே கேட்டார்கள், பிள்ளைகளிடமும் தனியே கேட்டார்கள். தாய்க்கு ஒரு பிள்ளை மேல் கூடுதல் நெருக்கம் உண்டு என்பதைப் பிள்ளைகள் பொதுவாகச் சரியாகவே உணர்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை யார் என்பதில்தான் பலர் தவறினார்கள். 2006இல் வெளிவந்த கட்டுரை இது. அதே ஆய்வைக் கொண்டு 2009இல் இன்னொன்றையும் எழுதினார்கள். நடுவயதில் உடன்பிறந்தோரிடையே இருக்கும் உரசலோடு, இன்றைய ஓரவஞ்சனையைவிடச் சிறுவயதில் கண்டதாக நினைவில் நிற்கும் ஓரவஞ்சனைதான் வலுவாகத் தொடர்புடையதாக இருந்தது. செல்லமாக இருந்தவர் எவராக இருந்தாலும் அப்படித்தான்.

ஆனால் இதை வைத்து "எல்லாம் உன் தவறான எண்ணம்" என்று யாரும் உங்களிடம் சொல்ல இடம் தராதீர்கள். நெருக்கம் வேறு, பணம் வேறு, நம்பிக்கை வேறு. ஒரு தாய் ஒருவனைக் கொஞ்சி, இன்னொருத்தியிடம் ஆலோசனை கேட்டு, சேமிப்பை மட்டும் முதலாமவனுக்குச் செலவிட முடியும். அப்போது இரு பிள்ளைகளும் மற்றவரே செல்லம் என்று நினைப்பார்கள், இருவரும் ஒருவகையில் சரியாகவே நினைப்பார்கள்.

பொன்குஞ்சு · பிப்ரவரி 20, பிற்பகல் 1.30

அம்மா சொல்லிவிடுவார் என்று விட்டது. ஐயோ, நானும் இதையே செய்திருக்கிறேன். பத்து முறைக்கு மேல் இருக்கும்.

எழுதுகோல் · பிப்ரவரி 20, இரவு 9.00

பொன்குஞ்சு கையை வைத்த இடம்தான் நடைமுறையில் முக்கியமான இடம். உங்கள் இருவருக்கும் இடையே செய்தி அம்மா வழியாகவே போய் வருகிறது. அவர் கெட்ட எண்ணத்தோடு எதையும் மாற்றுவதில்லை. ஆனாலும் ஒருவரின் சொல் மற்றவரிடம் போய்ச் சேரும்போது அதில் ஒரு ஒப்பீடு ஒட்டிக்கொண்டிருக்கும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இந்த ஆண்டில் தம்பி மேல் கோபம் வந்த தருணங்களை நினைத்துப் பாருங்கள். அவன் ஏதாவது செய்தபோது வந்ததா, அவனைப் பற்றி அம்மா ஏதாவது சொன்னபோது வந்ததா?

இரண்டாவது என்றால் அம்மாவைத் தூது வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள். மருத்துவர் சொன்னது, பண விவரம், யார் எப்போது வருவது ஆகிய மூன்றும் உங்கள் இருவருக்கும் இடையே எழுத்தில் மட்டும் இருக்கட்டும். உதவி செய் என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எந்த நாள், எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வேலையைச் செய்பவருக்கு முடிவெடுப்பதிலும் பங்கு இருக்க வேண்டும். உங்கள் ஏற்பாட்டில் வேலை முழுதும் ஒரு பக்கமும் கையெழுத்து முழுதும் இன்னொரு பக்கமும் இருக்கின்றன, அது எந்த நல்ல உறவையும் கெடுத்துவிடும்.

மூத்தவள் · பிப்ரவரி 21, காலை 5.50

அம்மா சொன்னபோதுதான். ஒன்பது தருணங்கள் நினைவுக்கு வந்தன, எட்டில் தம்பி அந்த அறையிலேயே இல்லை.

மூத்தவள் · மார்ச் 18, இரவு 11.00

தம்பி ஒன்பது நாள்கள் வந்து தங்கினான். நான் என் மகள் வீட்டுக்குப் போய்விட்டேன், அவனே அப்படிக் கேட்டான்.

நான்காம் நாள் இரவு அழைத்தான். அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவன் தோளைப் பிடித்து இழுத்துவிட்டானாம். அதற்கு அம்மா, "அக்கா இடுப்பில் கை கொடுத்துத் தூக்குவாள், அவளுக்குத்தான் பக்குவம் தெரியும்" என்றாராம். நாள் முழுதும் இதே புராணம்தானாம், அக்காபோல வருமா, அக்கா இருந்தால் இப்படி ஆகுமா என்று. ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடத்திலும் பாதி நேரம் என் பேச்சுதான் என்று அப்போதுதான் சொன்னான்.

இதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. 15 மாதங்களில் ஒரு முறையாவது என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியிருக்கலாமே! இல்லாத பிள்ளையைப் புகழ்ந்து இருக்கும் பிள்ளையைக் குத்துவது அம்மாவின் வழக்கம் என்றால், அது அன்பா, கெட்ட பழக்கமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பேசி முடிக்கும்போது இருவரும் சிரித்துவிட்டோம். அதற்கு அம்மாவைப் பற்றிப் பேசியதுதான் காரணம், மற்றபடி ஒன்றுமில்லை.

பொன்குஞ்சு · மார்ச் 19, காலை 8.20

என் பெரிய அண்ணனுக்கு நேற்று நேரடியாக அழைத்தேன். எடுக்கவில்லை. பதிவாக மட்டும் சொல்கிறேன்.

ஏழாம்எண் · மார்ச் 19, காலை 9.00

மூத்த பிள்ளைகள் எடுக்கமாட்டார்கள். வரிசை அப்படி.

மூத்தவள் · ஏப்ரல் 6, இரவு 9.40

கையெழுத்து உரிமையில் இப்போது என் பெயரும் இருக்கிறது. அம்மா முகம் சுளித்தார், தம்பி வற்புறுத்தினான். அவன் சொன்னதால்தான் அம்மா இசைந்தார் என்பதை நான் கவனிக்காமல் இல்லை. இதை 18ஆம் வரியாக எழுதலாமா என்று யோசித்தேன், எழுதவில்லை.

மாதத்தில் ஐந்து நாள்கள் அவன் வருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறான். அடுத்த முறை 14ஆம் தேதி. மாத்திரை அட்டவணையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த ஒன்பது நாள்களுக்குப் பிறகு வந்த முதல் முறை ஐந்துக்கு நான்கு நாள்கள்தான் இருந்தான், அதற்குச் சொன்ன காரணம் சரியானதாகவே இருந்தது, இருந்தாலும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் வரியைப் பற்றி அவனும் நானும் இதுவரை பேசவில்லை. அவன் தொடங்கட்டும் என்று இருக்கிறேன். அவனும் அப்படித்தான் இருக்கிறானோ என்னவோ.